நிக்கிறதே கோபுர நெழல்லதானே!

கேள்வி: அக்கா, நான் தஞ்சாவூர்ல ஒரு ஹார்ட்வேர் கடைல வேலை பாக்குறேன். சனி ஞாயிறு சாயந்தரம் பெரிய கோயிலுக்கு வர்றவங்களுக்கு சுத்திக்காட்டி ஏதோ கொஞ்சம் சம்பாதிக்கிறேன். லைசென்ஸ் இன்னும் வாங்கல. கோபுர நெழல் தரைல விழாது, மேல இருக்குறது 80 டன் ஒத்தக் கல்லு, இதெல்லாம் சொன்னாத்தான் ஜனம் வாயப் பொளந்து கேக்குது, டிப்ஸும் குடுக்குது. உண்மைய மட்டும் சொல்லிப் பாத்தேன், பாதிலயே செல்ஃபி எடுக்கப் போயிடுறாங்க. மே மாசம் லீவுல ஏழாவது படிக்கிற என் பொண்ணு கூட வந்தா. கல்லுதரை சுட்டதால எல்லாரையும் நெழலா ஒரு எடத்துல நிறுத்தி நெழல் கதைய சொல்லிட்டு இருந்தேன், அவ நடுவுல பூந்து "அப்பா, நாம நிக்கிறதே கோபுர நெழல்லதானே"ன்னுட்டா. கண்ணக் காட்டி அடக்கிட்டேன். ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க வச்சிருக்கேன்க்கா, கதை சொல்றது தப்பா?

பதில்: தம்பி, இந்த மாதிரி லெட்டர் எனக்கு மகாபலிபுரத்துலேர்ந்து வந்திருக்கு, மதுரைலேர்ந்து வந்திருக்கு, எல்லாத்துலயும் டிப்ஸ் பத்திதான் இருக்கும். உன் லெட்டர்ல மட்டும் ஒரு கொழந்த இருக்கு, அத நீ போற போக்குல எழுதிட்டுப் போயிட்டே.

பன்னெண்டு வயசுப் புள்ள வெறுங்கால்ல நிக்கிறா. மே மாசத்துல சாயந்தரம் நாலு மணிக்கு நடை தொறக்குறப்ப அந்த முற்றத்துக் கல்லு எப்படி இருக்கும்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஆளுங்க குதிச்சுக்கிட்டே ஓடுவாங்க, அதனாலதான் நீ நெழல் தேடி நிறுத்துனே. அந்த நேரத்துக்கு சூரியன் மேக்கால எறங்கிடும், நீ கோபுரம்னு சொல்ற அந்த விமானத்து நெழல் கெழக்க பாத்து மண்டபத்தையெல்லாம் தாண்டி முற்றத்துல நீளமா விழுந்திருக்கும், அதுல கால் ஆற நின்னுக்கிட்டு நீ "நெழலே விழாது"ன்னு சொல்லிருக்கே. அவ கால்ல பட்டத வச்சு பேசுனா, நீ கண்ணால மெரட்டுனே. அந்தக் கூட்டத்துல உண்மையா அந்தக் கோயிலப் பாத்தது அவ ஒருத்திதான், அவ வாயத்தான் நீ அடச்சே.

"ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க வச்சிருக்கேன்"னு அடுத்த வரிலயே எழுதுறியே, அந்தப் புள்ளைங்களுக்காகத்தான் சம்பாதிக்கிறேன்னு சொல்ல வர்றே, சரி, ஆனா அப்பன் புள்ளைக்குக் குடுக்க வேண்டியது சாப்பாடும் ஃபீஸும் மட்டும் இல்ல. கண்ணால பாத்தத பாத்தேன்னு சொன்னா நம்ம அப்பா நம்ம பக்கம் நிப்பாருன்னு அவளுக்குத் தெரியணும். நாளைக்கு வெளில எவனாவது ஒருத்தன் தப்பா நடந்துக்கிட்டான்னா அவ வந்து உன்கிட்ட சொல்லணும்ல? அன்னிக்கும் கண்ணக் காட்டுவாரோன்னு அவ யோசிக்கக் கூடாது. எனக்கு இதுல கோவம் வருது, மறைக்க மாட்டேன்.

இப்ப தொழிலுக்கு வர்றேன். அந்த நெழல் கதைக்குள்ள ஒரு நெசம் இருக்கு, அது உனக்கே தெரிஞ்சிருக்கணும். விமானம் அடில ஒரு பக்கம் ஏறக்குறைய 30 மீட்டர், உயரம் 60 மீட்டருக்கும் மேல, மேல போகப் போக குறுகிக்கிட்டே போகுது. தஞ்சாவூர் இருக்குற எடத்துக்கு சூரியன் வருஷத்துல ரெண்டு தடவ, ஏப்ரல் நடுவுலயும் ஆகஸ்ட் கடைசி வாக்குலயும், உச்சில நேரா தலைக்கு மேல வரும். அந்த நாள் மட்டும் இல்ல, அதுக்கு முன்னப்பின்ன பல வாரம், சுமாரா மார்ச் பாதிலேர்ந்து செப்டம்பர் கடைசி வரைக்குமே, சரியா உச்சிப்பொழுதுல சிகரத்தோட நெழல் விமானத்து மேலயே விழுந்துடும், தரைக்கு எட்டாது. அடி அவ்ளோ அகலம், அதான் காரணம், மந்திரமும் இல்ல ரகசியக் கட்டுமானமும் இல்ல. டிசம்பர் மாசம் அதே உச்சிப்பொழுதுல வந்து பாரு, சூரியன் தெக்க சாஞ்சிருக்கும், நெழல் வடக்கால தரைல நல்லா இருபது மீட்டருக்கு மேலயே நீண்டு கெடக்கும். காலைல வந்தா பின்னால கருவூர்த்தேவர் சன்னதி பக்கம் விழும், சாயந்தரம் நந்தி பக்கம். இத சொல்லு தம்பி, "எந்த மாசம், எத்தன மணிக்கு"ன்னு அவங்களையே கேக்க வையி, புள்ளைங்க இருந்தா நெழலோட நுனி எங்க இருக்குன்னு ஓடிப்போய் நிக்கச் சொல்லு. செல்ஃபி எடுக்கப் போனவனும் அங்கதான் வருவான்.

உண்மைய சொன்னா போயிடுறாங்கன்னியே, நீ என்ன சொல்லிருப்பேன்னு எனக்குத் தெரியும், 1010ல கட்டி முடிச்சது, ராஜராஜன் கட்டுனது, 1987ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்தாங்கன்னு வரிசையா ஒப்பிச்சிருப்பே. அது வெளி போர்டுலயே இருக்கே, அதக் கேக்க உனக்கு எதுக்குக் காசு குடுக்கணும்? உண்மை போரடிக்கல, நீ பாதி உண்மைலயே நிறுத்திட்டே.

அந்த 80 டன் கல்லையும் விட்டுடு. சிகரம் பல கல்லு சேத்துக் கட்டுனதுன்னு ஆய்வாளருங்க சொல்லி ரொம்ப நாளாச்சு. சாரப்பள்ளம்ங்குற ஊருலேர்ந்து சாரம் கட்டி ஏத்துனாங்கங்குறது ஊர்ல சொல்ற கதை, அத "ஊர்ல இப்படி ஒரு கதை சொல்லுவாங்க"ன்னு சொல்லு, தாராளமா சொல்லு, அதுல தப்பே இல்ல. கதைய கதைன்னு சொல்றவன்கிட்ட எனக்கு சண்டை கெடயாது. நந்தி வளந்துக்கிட்டே போச்சு, ஆணி அடிச்சு நிறுத்துனாங்கங்குறதும் அப்படித்தான், சொல்லிட்டு உடனே, இந்தப் பெரிய நந்தி ராஜராஜன் வச்சதே இல்ல, ஆறேழு நூறு வருஷம் கழிச்சு நாயக்கர் காலத்துல வந்ததுன்னும் சொல்லிடணும்.

ஒண்ணு யோசிச்சுப் பாரு. 1880கள்ல ஹூல்ஷ்னு ஒரு ஜெர்மன்காரர் அந்தக் கல்வெட்டெல்லாம் படிச்சு சொல்றவரைக்கும் இந்தக் கோயிலக் கட்டுனது யாருன்னே ஊருக்கு சரியா தெரியாது. ஸ்தல புராணம் கரிகாலன்னு சொல்லுச்சு, வேற சிலபேரு காடுவெட்டிச் சோழன்னாங்க. பேரு செவுத்துலயே வெட்டிக் கெடக்கு, ஆனா அத யாரும் படிக்கல, ஆளாளுக்குக் கதை சொல்லிக்கிட்டு இருந்ததுல கட்டுனவன் பேரே போச்சு. நீ பண்றதும் அதேதான்.

அதனால கூட்டத்த விமானத்தோட அடிப்பகுதிகிட்ட, அதிஷ்டானத்துகிட்ட கூட்டிட்டுப் போ. ராஜராஜன் சொன்னதா வெட்டியிருக்குற வரி உனக்கு மனப்பாடமா இருக்கணும்: "நாங்குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" எல்லாத்தையும் கல்லுலயே வெட்டச் சொல்றான். எவ்ளோ பெரிய ராஜா, தான் குடுத்ததுக்கு அடுத்தபடியா அக்கா குந்தவை குடுத்தத வைக்கிறான், அப்புறம் வீட்டுப் பொம்பளைங்க, அப்புறம் பேரு தெரியாத மத்தவங்க. அக்காவுக்கு அந்த எடம் குடுத்த தம்பி அவன். குடும்பத்தோட வர்றவங்களுக்கு இத நிறுத்தி நிதானமா சொல்லு, அண்ணன் தம்பி அக்கா தங்கச்சின்னு வந்திருப்பாங்க, யாரும் நகர மாட்டாங்க.

அப்புறம் அந்த நானூறு பேர். தளிச்சேரிப் பெண்டுகள்னு கோயில்ல ஆடவும் பாடவும் வேற வேற ஊர்க் கோயில்லேர்ந்து கூட்டிட்டு வந்து குடிவச்ச 400 பொண்ணுங்க, ஒவ்வொருத்தர் பேரும், எந்த ஊருலேர்ந்து வந்தா, எந்தத் தெரு, எந்தப் பக்கத்து வரிசை, எத்தனாவது வீடு, எல்லாம் கல்வெட்டுல இருக்கு. ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல்லு. அதே கல்வெட்டுல மேளம் அடிச்சவங்க, தையக்காரர், வண்ணார், நாவிதர், கணக்கு எழுதுனவங்க வரைக்கும் வருது, கோயில் தச்சரும் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன்னு வர்றாரு. இந்த நானூறு பேரப் பத்தி பேசுறப்ப சில ஆம்பளைங்க ஒரு மாதிரி சிரிப்பாங்க, அப்ப நீயும் சேந்து சிரிச்சே, எனக்கு லெட்டரே போடாத. பேரு, ஊரு, வீடு, சம்பளம், இத மட்டும் கல்லுல இருக்குறபடி சொல்லு. கல்லுல இல்லாத எதையும் அவங்க தலைல ஏத்தாத.

எழுத்தக் காட்டுறப்ப தொடவிடாத, விரல் எண்ணெய் பட்டுப் பட்டு கல்லு பாழாகுது. கொஞ்சம் தள்ளி நின்னு ட, ப, ம இந்த எழுத்துங்கள தேடச் சொல்லு, இன்னிக்கு எழுதுற மாதிரியேதான் கிட்டத்தட்ட இருக்கும், புள்ளி மட்டும் வைக்க மாட்டாங்க, பழகிட்டா ஸ்கூல் புள்ளைங்களே ஒண்ணு ரெண்டு வார்த்தை கூட்டிடுவாங்க. வெயில் சாஞ்சு பக்கவாட்டுல அடிக்கிறப்ப எழுத்து நல்லா எடுப்பா தெரியும், நடு மத்தியானத்துல தெரியாது, சுத்துற வரிசைய அதுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்க. தென்மேக்கு மூலைக்குப் போனா சரபோஜி 1803ல மராத்தில வெட்டுன போன்ஸ்லே குடும்ப வரலாறு இருக்கு, அதையும் காட்டு, ஒரே கோயில்ல சோழரும் மராட்டியரும் குடும்பத்தப் பத்தி எழுதி வச்சிருக்காங்க. யாராவது கேட்டு உனக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, கேட்டு வைக்கிறேன்னு சொல்லி நெசமா கேட்டு வையி.

லைசென்ஸ் "இன்னும் வாங்கல"ன்னு சாதாரணமா எழுதிருக்கே. அது மத்திய தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்குற கோயில், காசு வாங்கிட்டு ஆளுங்கள சுத்திக் காட்டணும்னா துறையோட லைசென்ஸ் வேணும்னு 1959 விதிகள்லயே இருக்கு. சொல்றதும் பொய்யி, நிக்கிறதும் அனுமதி இல்லாம, நாளைக்கு ஒருத்தர் புடிச்சு கேட்டா அதுவும் அந்தப் புள்ள முன்னாடிதான் நடக்கும். மொதல்ல அங்க இருக்குற தொல்லியல் துறை ஆபீஸ்ல போய் எப்படி வாங்கணும்னு கேளு, கைக்கு வர்ற வரைக்கும் காசு வாங்காத.

டிப்ஸ் கொறையும், நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். வாயப் பொளந்து கேக்குற கூட்டம் அந்தப் பக்கம் கதை சொல்றவன்கிட்ட போகும், போகட்டும். கடைல ஒரு இஞ்ச் பைப்ப ஒண்ணேகால் இஞ்ச்னு சொல்லி விப்பியா? மாட்டேல்ல, திருப்பிக் கொண்டு வந்துடுவான்னு தெரியும். இங்க வந்தவன் பஸ் ஏறிப் போயிடுவான், திரும்ப வந்து கேக்க மாட்டான், அந்த தைரியம்தான உனக்கு?

இந்த ஞாயித்துக்கெழம சுத்திக்காட்டப் போகாத. ரெண்டு புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு காலைல ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ போ, நெழலோட நுனி எங்க விழுதுன்னு பெரியவ கையாலயே மணி போட்டு நோட்டுல எழுதச் சொல்லு. அங்கயே வச்சு, "அன்னிக்கு நீ சொன்னதுதான்மா சரி, அப்பா சொன்னது பொய்யி"ன்னு வாயத் தொறந்து சொல்லு, ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்து சமாளிக்காத. லைசென்ஸ் கெடச்சப்புறம் மொத கூட்டத்துக்கு அவ லீவு நாளாப் பாத்து கூட்டிட்டுப் போ, நெழல் பத்தி யாராவது கேட்டா அந்த நோட்ட வச்சு அவளையே பதில் சொல்லச் சொல்லு.