எண்ணில் ஒன்று, எழுத்தில் ஒன்று: தொகை எழுதும்போது எங்கே தவறுகிறோம்?

*“சரக்கு வாங்கியவர் 90,900 ரூபாய் பாக்கியை ஒன்பது தவணையில், தவணைக்கு 10,100 ரூபாயாகத் தருவதாகக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எண்ணில் ரூ.90,900 என்று சரியாக இருக்கிறது. எழுத்தில் ‘ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்’ என்று எழுதிவிட்டார். இப்போது, ‘எழுத்தில் இருப்பதுதான் செல்லும்’ என்கிறார். உண்மையா? இனிமேல் எப்படி எழுதி வாங்குவது?”*

அவர் சொல்வது காசோலைக்கும் கடனுறுதிச் சீட்டுக்கும் உள்ள விதி. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18-ஆவது பிரிவு, எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. உங்கள் கையில் இருப்பது தவணைக்கு ஒப்புக்கொண்ட சாதாரணக் கடிதம். அந்தப் பிரிவு இதற்கு நேரடியாகப் பொருந்தாது. கடிதத்தை முழுதாகப் படித்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். அப்படிப் படித்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. ஒன்பது தவணை, தவணைக்கு 10,100 என்றால் 90,900-தான் வரும். மொத்தமே 9,900 என்றால் முதல் தவணையே அதைத் தாண்டிவிடுகிறதே! பில்லையும் சரக்கு ஒப்படைத்த ரசீதையும் பத்திரமாக வையுங்கள். பாக்கி உண்டானது அவற்றால்தான், இந்தக் கடிதத்தால் அல்ல.

ஆனால் அந்தக் கடிதத்தில் நீங்கள் பேனா வைக்காதீர்கள். நல்லெண்ணத்தில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும், திருத்தியது யார் என்ற புதுச் சண்டை வரும், நல்ல சான்று கெட்டுப்போகும். பழைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, “அதில் எழுத்தில் தவறாக ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் என்று உள்ளது, சரியான தொகை ரூ.90,900/- (ரூபாய் தொண்ணூறாயிரத்துத் தொள்ளாயிரம் மட்டும்)” என்று புதுக் கடிதம் கேளுங்கள். மறுத்தால், பழைய கடிதத்தையும் பில்லையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இந்தத் தவறு ஏன் வருகிறது என்றால், தமிழில் ஒன்பதின் குடும்பம் ஒரு படி தள்ளி நிற்கிறது. தொண்ணூறு ‘நூறு’ என்று முடிந்தாலும் 90-தான். தொள்ளாயிரம் ‘ஆயிரம்’ என்று முடிந்தாலும் 900-தான். 9,000 என்பது ஒன்பதாயிரம், 90,000 என்பது தொண்ணூறாயிரம். அவசரத்தில் எழுதுகிறவர் ஒரு படி இறங்கிவிடுகிறார். அதனால் தொகையில் 9 வந்தால் நான் ஒரு வேலை செய்வேன்: எண்ணை மூடிவிட்டு, எழுத்தில் உள்ளதை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் கேட்டு எண்ணில் எழுதுவது. பிறகு இரண்டையும் ஒப்பிட்டால் தவறு தெரிந்துவிடும். எண்ணைப் பார்த்துக்கொண்டே எழுத்தைச் சரிபார்த்தால், இருக்க வேண்டியதைத்தான் கண் படிக்கும்.

அப்புறம், வேண்டுமென்றே திருத்துவது. இதற்குத் தேவைப்படுவது வெற்றிடம். ‘ரூபாய்’ என்று எழுதிவிட்டு, கொஞ்சம் இடம் விட்டு ‘எட்டாயிரம்’ என்று தொடங்கினால், நடுவில் ‘இருபத்து’ என்று நுழைத்து 28,000 ஆக்கலாம். எண்ணில் 8,000-க்கு முன்னால் ஒரு 2 போட்டால் போதும். அதனால் ‘ரூ.’ என்ற புள்ளியை ஒட்டியே முதல் இலக்கம், ‘ரூபாய்’ என்பதை அடுத்து உடனே முதல் சொல். தொகைச் சொல்லை முடிந்தவரை சேர்த்தே எழுதுங்கள்: ‘நாற்பத்தெட்டாயிரம்’ என்று ஒரே மூச்சில் எழுதினால் நடுவில் எதுவும் புகாது.

கடைசிச் சொல்லுக்குத் தமிழே ஒரு பூட்டு வைத்திருக்கிறது. தொகை தொடர்ந்தால் ‘ஆயிரத்து’, முடிந்தால் ‘ஆயிரம்’. ‘நூற்று’, ‘நூறு’ என்பதும் அப்படியே. ‘ஆயிரம்’ என்று முடித்ததற்குப் பின் ‘ஐநூறு’ ஒட்டினால் சொல்லமைப்பே காட்டிக்கொடுக்கும். ஆனால் பேச்சில் ‘ஆயிரம் ஐநூறு’ என்று சொல்கிறவர்களும் உண்டு, அதனால் அது மட்டும் போதாது. ‘மட்டும்’ என்று முடித்து, வரியில் மிச்சமுள்ள இடத்தில் கோடு இழுத்துவிடுங்கள். எண்ணுக்குப் பின்னால் ‘/-’ போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

எழுதும்போதே தவறிவிட்டால் புதுத் தாள் எடுப்பதே நல்லது. முடியாதபோது, பழையது தெரியும்படி ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, இருவரும் அங்கேயே கையெழுத்திட வேண்டும். மேலெழுதவே கூடாது. காசோலை என்றால் இந்த வழியும் இல்லை. படம் எடுத்துத் தீர்வு செய்யும் முறையில் தொகையிலோ பெயரிலோ திருத்தம் செய்த காசோலையை வங்கிகள் ஏற்பதில்லை, வேறு தாள்தான் எழுத வேண்டும்.

கையெழுத்தானதும் அந்த இடத்திலேயே கடிதத்தைக் கைபேசியில் படம் எடுத்து, மற்றவருக்கும் அனுப்பிவிடுங்கள். தாளில் பிறகு எது மாறினாலும், அன்றைய நிலை இருவர் கையிலும் தேதியோடு இருக்கும்.