விலை ஏறினால் வரியும் ஏறுமா?

கேள்வி: மாட்டுத்தாவணி பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன், ஒரு ஆட்டோவும் ஓடுகிறது. பெட்ரோலோ சிகரெட்டோ விலை ஏறும்போதெல்லாம் வரியும் சேர்ந்து ஏறுகிறதா?

பதில்: பாதி ஏறும், பாதி ஏறாது. இரண்டு பொருளிலும் இரண்டு வகை வரியும் கலந்திருக்கின்றன. ஒன்று லிட்டருக்கோ ஆயிரம் சிகரெட்டுக்கோ இத்தனை ரூபாய் என்று நிற்கும். மற்றது விலையில் இத்தனை சதவீதம் என்று கூடவே நகரும்.

முதலில் பெட்ரோல். 2025 ஏப்ரலில் உயர்த்திய பிறகு மத்திய கலால் வரி லிட்டருக்கு 21.90 ரூபாய் ஆனது. இது நிலையான தொகை. தமிழகத்தின் வாட் வரி கலவையானது: 13 சதவீதமும், அதன் மேல் 11.52 ரூபாயும். 2021 ஆகஸ்டில், அப்போது மதுரை மத்தியத் தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்த நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வரியைக் குறைத்தபோது வந்த விகிதம் இது.

டீலர் கமிஷன் உட்பட அடக்கவிலை 57 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கலால் சேர்ந்து 78.90. அதில் 13 சதவீதம் 10.26, கூடவே 11.52. ஆக, பெட்ரோல் பங்க்கில் 100.68. இப்போது கச்சா எண்ணெயால் அடக்கவிலை 10 ரூபாய் ஏறுகிறது. கலால் அசையாது, 11.52-ம் அசையாது. 13 சதவீதம் மட்டும் 1.30 கூடுகிறது. நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 11.30. 2020 மே மாதத்துக்கு முன் வாட் முழுக்க 34 சதவீதமாக இருந்தது; அதே 10 ரூபாய் அன்று 13.40 ஆகியிருக்கும்.

இறங்கும்போதும் இதே கணக்குதான். அடக்கவிலை 10 ரூபாய் குறைந்தால் உங்களுக்கு 11.30 குறைய வேண்டும், ஆனால் நிலையான தொகை மட்டும் ஒரு பைசா குறையாது. 2020-ல் கொரோனாவால் கச்சா எண்ணெய் சரிந்தபோது தமிழக அரசு ஏன் கலவை முறைக்குத் தாவியது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இன்னொன்று, கலாலின் மேலும் வாட் போடுகிறார்கள். மத்திய அரசு 2 ரூபாய் ஏற்றி, அதை எண்ணெய் நிறுவனம் தாங்காமல் நம் தலையில் இறக்கினால் 2.26 ஆகிவிடும்.

சரி, சிகரெட். 2026 பிப்ரவரி முதல் நீளத்தைப் பொறுத்து ஆயிரம் சிகரெட்டுக்கு 2,050 முதல் 8,500 ரூபாய் வரை கலால், அப்புறம் எம்.ஆர்.பி.யை வைத்து 40 சதவீத ஜி.எஸ்.டி. 100 ரூபாய் பாக்கெட்டைக் கம்பெனி 110 ஆக்கினால் ஜி.எஸ்.டி. 28.57-லிருந்து 31.43 ஆகும். கலால் அதே தொகைதான். ஏறிய 10 ரூபாயில் 7.14 கம்பெனிக்கும் வியாபாரச் சங்கிலிக்கும் போகிறது. நிலையான வரியை அரசு அவ்வப்போது உயர்த்தாவிட்டால் பணவீக்கம் அதைத் தின்றுவிடும். 2017 ஜூலையில் சிகரெட்டுக்கு வைத்த செஸ் தொகை பல ஆண்டுகள் மாறாமலே கிடந்தது.

உங்கள் கடையில் இதை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். ஒரே ஒரு கம்பெனியின் ஒரு பிராண்ட் மட்டும் ஏறினால், அது கம்பெனி ஏற்றிய விலை. ஒரே நீளமுள்ள எல்லா பிராண்டும் ஒன்றாக ஏறினால், பெரும்பாலும் கலால் ஏறியிருக்கும். எதுவானாலும் பழைய எம்.ஆர்.பி. அச்சிட்ட பாக்கெட்டைப் புது விலைக்கு விற்காதீர்கள். எடையளவுச் சட்டப்படி அது குற்றம்.