நேதி நேதி: எல்லாவற்றையும் விலக்கிய பிறகு என்ன மிச்சம்?

"நான் உடம்பு இல்லை, மனசு இல்லை என்று தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் சூனியம்தானே?"

இல்லை. பிருகதாரண்யக உபநிடதத்தில் முனிவர் யாக்ஞவல்கியர் 'நேதி நேதி', அதாவது 'இப்படி அல்ல, இப்படி அல்ல' என்று சொன்ன கையோடு, ஆத்மா பிடிக்குள் அகப்படாதது என்கிறார், இல்லாதது என்று சொல்லவில்லை. உங்கள் கையைப் பாருங்கள். அது பார்க்கப்படுவது, பார்ப்பவர் நீங்கள். சரி, காலையில் வந்த கோபம்? வந்ததும் தெரிந்தது, அடங்கியதும் தெரிந்தது, அதனால் அதுவும் நீங்கள் இல்லை.

பலர் தடுமாறுவது இதற்கப்புறம்தான்: 'ஒன்றுமே இல்லை' என்று ஒரு வெறுமை தோன்றும், அதையே முடிவு என்று நினைத்துவிடுவார்கள், ஆனால் அந்த வெறுமையும் யாருக்கோ தெரிகிறதே! அதையும் விலக்கலாம். தெரிந்துகொள்பவரை மட்டும் விலக்க முடியாது, விலக்குவதே அவர்தான். 'அறிபவனை எதைக்கொண்டு அறிவது?' என்று யாக்ஞவல்கியர் தன் மனைவி மைத்ரேயியிடம் கேட்டது இதைத்தான்.