சீழ் கட்டிய பல்லில் ஊசி ஏன் எடுபடவில்லை?

“கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தை. ஜிகர்தண்டா பட்டாலே உயிர் போகிறது. பிடுங்கப் போனேன், மரத்துப்போக இரண்டு ஊசி போட்டும் வலித்தது. சீழ் இருக்கிறது, ஐந்து நாள் கழித்து வாருங்கள் என்றார்கள். போன வருடம் பக்கத்துப் பல்லுக்கு ஒரே ஊசி போதுமாக இருந்ததே?” – உசிலம்பட்டி வாசகர்

மருந்து பெரும்பாலும் அதே லிக்னோகைன்தான். போய் உட்கார வேண்டிய இடத்துக்குப் போதுமான அளவு போய்ச் சேரவில்லை.

சும்மா இருக்கும் நரம்பு இழையின் உள்பக்கம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். பல்லில் சில்லென்று பட்டதும் மைனஸ் 70 மேலேறி மைனஸ் 55 பக்கம் வந்தால், சவ்விலுள்ள சோடியம் கால்வாய்கள் திறக்கும். வெளியிலுள்ள சோடியம் உள்ளே பாய்வதால் மின்னழுத்தம் இன்னும் ஏறும். அதனால் இன்னும் பல கால்வாய்கள் திறக்கும். ஒரு மில்லிநொடிக்குள் பிளஸ் 30 ஆகிவிடும். அடுத்த பகுதியும் இதனால் தூண்டப்பட, வலி மூளை நோக்கி ஓடுகிறது.

திறந்த கால்வாய் அப்படியே நிற்பதில்லை. வாஷ்பேசினில் சங்கிலியோடு தொங்கும் அடைப்பானைப் போல, புரதத்தின் ஒரு துண்டு உள்பக்கமிருந்து வந்து வாயை அடைத்துவிடுகிறது. இதைச் சாதாரணமாக மூடுவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மூடிய கால்வாய் தூண்டினால் திறக்கும். அடைபட்டது எவ்வளவு தூண்டினாலும் திறக்காது. நிதானமாகத் திறக்கும் பொட்டாசியம் கால்வாய்கள் பொட்டாசியத்தை வெளியே விட்டு, உள்பக்கத்தை மறுபடி மைனஸுக்கு இறக்கிய பிறகே அடைப்பான் கழலும். அந்த ஒன்றிரண்டு மில்லிநொடி நரம்பு எதற்கும் மசியாது. அப்புறமும் பொட்டாசியம் கால்வாய்கள் மூடி முடியும்வரை வழக்கத்தைவிடப் பலமான தூண்டல் வேண்டும்.

லிக்னோகைன் இந்த அடைபட்ட நிலையைத்தான் நீட்டிக்கிறது. கால்வாயின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு, அடைப்பான் கழல விடாமல் பிடித்து வைக்கும். ஆனால் உள்ளே போகச் சவ்வைத் தாண்ட வேண்டும். மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுகளே எளிதில் தாண்டும். உடம்பின் வழக்கமான பிஎச் 7.4-இல் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அப்படி இருக்கும். சீழ் கட்டிய இடம் அமிலத்தன்மை கொண்டது. அங்கே 6.4 என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு மூன்றுதான் தேறும். போதாக்குறைக்கு, வீங்கிய இடத்து நரம்பு சின்னத் தூண்டலுக்கே சீறும்.

அதனால் காத்திருக்கச் சொன்னது சரிதான். அடுத்த முறை பல்லருகே போடாமல், தாடைக்குள் நரம்பு நுழையும் பின்பக்கத்தில் போடலாம். அங்கே சீழ் இல்லை. கீழுதடு தடித்ததுபோல் இருக்கிறதா என்று மருத்துவர் கேட்பார். உதடு மரத்தும் பல் வலிப்பது உண்டு. அப்படியானால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காமல் கையைத் தூக்கிவிடுங்கள்.