விவாகரத்து மனு நிலுவையில் இருந்தபோது இறந்த மகளின் சொத்து யாருக்குச் சேரும்?

கேள்வி: என் மகளுக்கு 2015-ல் இந்து முறைப்படி திருமணம் நடந்தது. குழந்தை இல்லை. 2019 முதல் என்னோடுதான் இருந்தாள். பிறகு இருவரும் சேர்ந்து குடும்ப நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மனுப் போட்டார்கள். ஆறு மாதத் தவணை முடிய மூன்று வாரம் இருக்கும்போது நோயால் இறந்துவிட்டாள். சம்பளத்தில் வாங்கிய அடுக்குமாடி வீடு, நான் செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்த மனை, 2012-ல் உயில் எழுதாமல் காலமான என் கணவர் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் ஒரு பங்கு, வங்கி டெபாசிட், ஆயுள் காப்பீடு இவை அவள் பேரில் உள்ளன. வங்கிக்கும் காப்பீட்டுக்கும் நான்தான் நாமினி. எட்டு லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு, இனி ஒருவர் சொத்தில் ஒருவர் உரிமை கோரமாட்டோம் என்று மருமகன் மனுவிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்போது எல்லாவற்றுக்கும் தானே வாரிசு என்கிறார். எனக்கும் என் மகனுக்கும் எதுவும் இல்லையா? (ஒரு தாய், மதுரை)

பதில்: அம்மா, உங்கள் மகள் இறந்த நாளில் சட்டத்தின் பார்வையில் அவர் இன்னும் அந்த மனிதரின் மனைவிதான். இது உங்களுக்கு எவ்வளவு கொடுமையாகத் தோன்றும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதை ஏற்றுக்கொண்டு தொடங்கினால்தான், மருமகனுக்கு உரிமை இல்லாத சொத்து எது என்பதைப் பிரித்துப் பார்க்க முடியும். அப்படிப் பார்த்தால் உங்களுக்கும் மகனுக்கும் எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது.

முதலில் மனுவின் நிலை. இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் மனுத் தாக்கல் செய்வது முதல் படி மட்டுமே. ஆறு மாதம் கழித்து இருவரும் மீண்டும் கோர, நீதிபதி இருவரையும் விசாரித்து, சம்மதம் இன்னும் நீடிக்கிறது என்று கண்டு தீர்ப்பாணை வழங்கும்போதுதான் திருமணம் முறிகிறது. அதுவரை இருவரில் எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டிலேயே கூறியிருக்கிறது. ஆகவே ஒருவர் இறந்தபின் அவருக்காகத் தாயோ சகோதரனோ அந்தச் சம்மதத்தைத் தெரிவிக்க முடியாது. மனு அந்த மரணத்தோடு அற்றுப்போகிறது. விசாரணை முழுவதும் முடிந்து, உத்தரவுக்காக ஒத்திவைக்கப்பட்ட பிறகு மரணம் நேர்ந்திருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 22-ஆம் கட்டளை 6-ஆம் விதியைச் சுட்டிக்காட்டி வாதிட ஓரளவு இடம் இருந்திருக்கும். உங்கள் மகள் விஷயத்தில் இரண்டாம் கட்டமே வரவில்லை.

ஆண்டுக்கணக்கில் பிரிந்து வாழ்ந்ததும் இதை மாற்றாது. இந்துக்களைப் பொறுத்தவரை, நீதிமன்றமே நீதிமுறைப் பிரிவினைக்குத் தீர்ப்பாணை வழங்கியிருந்தாலும் கணவன் மனைவி என்ற நிலை தொடர்கிறது, வாரிசுரிமையும் தொடர்கிறது. கிராமங்களில் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதி வாங்கும் விடுதலைப் பத்திரத்தை நம்பி இருபது ஆண்டுகள் இருந்துவிட்டு, மரணத்துக்குப் பிறகு வாரிசுத் தகராறில் சிக்கிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. அந்தச் சமூகத்தில் அப்படி அத்துவிடும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வருவதைச் சாட்சியத்தோடு நிரூபித்தாலன்றி, பதிவு செய்த பத்திரமாக இருந்தாலும் அது திருமணத்தை முறிக்காது.

அடுத்து சொத்துக்கு வருவோம். உயில் எழுதாமல் இறந்த இந்துப் பெண்ணின் சொத்து யாருக்குச் சேரும் என்பதை 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவில் கூறுகிறது. முதல் வரிசையில் மகன், மகள், கணவன். இரண்டாம் வரிசையில் கணவனின் வாரிசுகள். தாயும் தந்தையும் மூன்றாம் வரிசையில்தான் வருகிறார்கள். முன் வரிசையில் ஒருவர் இருந்தாலும் பின் வரிசைக்கு எதுவும் வராது. உங்கள் மகன் இதே நிலையில் இறந்திருந்தால், 8-ஆம் பிரிவின்படி அவருடைய மனைவிக்குச் சமமாகத் தாயாகிய உங்களுக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கும். மகளின் தாய் என்பதால் அது கிடைக்கவில்லை. இதை நான் நியாயம் என்று ஏற்கவில்லை. ஆனால் இன்றைய சட்டம் இதுதான். ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கில், கணவனை இழந்து புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, பிறந்த வீட்டின் ஆதரவில் படித்து வேலைக்குச் சென்று சம்பாதித்த ஒரு பெண்ணின் சொத்தைக்கூட, சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கும்போது அனுதாபத்துக்கு இடமில்லை என்று சொல்லி, கணவன் வழி வாரிசுகளுக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. எனவே சம்பளத்தில் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்கு, 15-ஆம் பிரிவை மட்டும் வைத்துப் பார்த்தால், உங்கள் மருமகன்தான் வாரிசு.

உங்கள் கணவர் கட்டிய வீட்டின் கதை வேறு. அதே 15-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, தாய் அல்லது தந்தையிடமிருந்து ஒரு பெண்ணுக்கு வாரிசாக வந்த சொத்து, அவருக்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இல்லாதபோது, கணவனுக்குப் போகாமல் தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும் என்கிறது. 2012-இல் உங்கள் கணவர் இறந்தபோது வாரிசுகள் நீங்கள், மகன், மகள் ஆகிய மூவர் மட்டும்தான் என்றால், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு கிடைத்திருக்கும். மகளின் பங்கைப் பிரிக்கும்போது, மகள் இறந்தவுடன் உங்கள் கணவர் இறந்ததாகப் பாவித்து அவருடைய வாரிசுகளைத் தேட வேண்டும் என்பது 16-ஆம் பிரிவின் விதி. அந்த வாரிசுகள் நீங்களும் உங்கள் மகனும். ஆகவே மகளின் மூன்றில் ஒரு பங்கு உங்கள் இருவருக்கும் சரிபாதியாகச் சேர்ந்து, முழு வீட்டில் ஆளுக்குப் பாதி என்று ஆகிறது. இதில் மருமகனுக்கு எந்தப் பங்கும் இல்லை.

நீங்கள் எழுதிக்கொடுத்த மனையும் பிறந்த வீட்டிலிருந்து வந்ததுதானே என்று கேட்பீர்கள். பலரும் தடுமாறும் இடம் இது. இரண்டாம் உட்பிரிவு பாதுகாப்பது வாரிசாக அடைந்த சொத்தை மட்டுமே. பெற்றோர் உயிரோடு இருக்கும்போது செட்டில்மெண்டாகவோ தானமாகவோ கொடுத்தது வாரிசாக அடைந்தது ஆகாது என்றே நீதிமன்றங்கள் பொருள் கொண்டுள்ளன. நீங்கள் அன்பால் முன்கூட்டியே கொடுத்தது, கொடுத்த காரணத்தாலேயே மகளின் தனிச் சொத்தாகி, மருமகனுக்குப் போகும் வரிசையில் நிற்கிறது. இருந்தாலும் அந்தப் பத்திரத்தை ஒருமுறை வரிக்கு வரி படித்துப் பாருங்கள். உங்கள் ஆயுட்காலம் வரை அனுபவிக்கும் உரிமையை உங்களுக்கே வைத்துக்கொண்டு எழுதியிருந்தால், அந்த உரிமையை மகளின் மரணம் பறிக்காது. உங்கள் காலம் வரை உங்களை அங்கிருந்து யாரும் வெளியேற்ற முடியாது.

நாமினி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளத் தகுதி உள்ளவர்தான், உரிமையாளர் அல்லர். வங்கி உங்களிடம் தந்தாலும் வாரிசு உங்களிடம் கேட்க முடியும். காப்பீட்டில் உங்கள் நிலை இதைவிடப் பலமானது. திருத்தப்பட்ட காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, பெற்றோர் நாமினியாக இருந்தால் அந்தத் தொகையின் பயனும் அவர்களுக்கே உரியது என்கிறது. அப்படியிருந்தும் வாரிசுகள் உரிமை கோரலாம் என்று கருதும் தீர்ப்புகளும் வந்திருப்பதால், தொகையைப் பெற்று உங்கள் பெயரில் தனிக் கணக்கில் வைத்திருங்கள். உடனே செலவழிக்க வேண்டாம்.

உண்மையான போராட்டம் அந்த எட்டு லட்ச ரூபாய் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒருவர் உயிரோடு இருக்கும்போது, அவருக்கு நான் வாரிசாகலாம் என்ற வெறும் எதிர்பார்ப்பை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு கூறுகிறது. மருமகனின் வழக்கறிஞர் இதைத்தான் முன்வைப்பார். ஆனால் அப்படி விட்டுக்கொடுத்தவர் அதற்காகப் பணம் பெற்றுக்கொண்டு, எதிர்த்தரப்பையும் அதை நம்பி நடக்கச் செய்திருந்தால், பின்னர் வந்து வாரிசுரிமை கோருவதிலிருந்து முரண்தடைக் கோட்பாடு அவரைத் தடுக்கும் என்று உச்ச நீதிமன்றம் குலாம் அப்பாஸ் வழக்கில் 1973-இல் கூறியது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஏழுமலை எதிர் கமலா வழக்கில் 2023-இல் அதே கோட்பாட்டைப் பின்பற்றியது. அவை கணவன் மனைவிக்கு இடையே எழுந்த வழக்குகள் அல்ல என்பதால், உங்களுக்கு வெற்றி உறுதி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தொடுப்பதற்குத் தகுதியான வழக்கு இது.

அந்த வழக்கு நிற்பதும் விழுவதும் மனுவின் வாசகத்தைப் பொறுத்தது. "விவாகரத்து கிடைத்த பின்" உரிமை கோரமாட்டோம் என்று எழுதியிருந்தால், விவாகரத்தே கிடைக்காத நிலையில் அந்த உறுதிமொழி நடைமுறைக்கு வரவில்லை என்று அவர் சொல்வார்; அப்போது வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்வதுதான் உங்களுக்கு மிஞ்சும் வழியாகலாம். "இன்று முதல்" என்று எழுதி, பணமும் மனு நாளிலேயே கைமாறியிருந்தால் உங்கள் தரப்பு வலுப்பெறும். பணம் வங்கி மூலம் போனதா, ரொக்கமாகப் போனதா என்பதும் அதே அளவு முக்கியம்.

செய்ய வேண்டியவற்றில் முதலாவது, குடும்ப நீதிமன்றத்தில் மரணத்தைத் தெரிவிக்கும் மெமோ தாக்கலாகி வழக்குக் கட்டு பதிவறைக்குப் போவதற்கு முன், மனு, ஒப்பந்தம், இருவரின் பிரமாண வாக்குமூலம் ஆகியவற்றுக்குச் சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பிப்பது. மகள் உயில் எதுவும் எழுதவில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பதிவு செய்த உயில் சார்பதிவாளர் அலுவலகத்தின் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும், எழுதியவர் இறந்த பிறகு எவரும் அதன் நகலைக் கேட்கலாம். வீட்டில் வைத்திருந்த தாளானாலும், இரண்டு சாட்சிகள் முறையாகக் கையெழுத்திட்டிருந்தால் அது உயில்தான். அப்படி ஒன்று கிடைத்தால் மேலே சொன்ன வரிசைகளுக்கே வேலை இல்லை.

மருமகன் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கினால் கலங்க வேண்டாம். அது இறந்தவருக்கு இன்னார் உறவு என்று சொல்லும் சான்று மட்டுமே. எந்தச் சொத்து யாருக்கு என்பதை அது தீர்மானிக்காது. ஆனால் அதைக் காட்டி உங்கள் கணவர் வீட்டுப் பட்டாவில் அவர் பெயரைச் சேர்க்க முயலக்கூடும் என்பதால், இரண்டாம் உட்பிரிவைக் குறிப்பிட்டு வட்டாட்சியரிடம் இப்போதே எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள். அடுக்குமாடி வீட்டையும் மனையையும் அவர் விற்றுவிடக்கூடும் என்று தோன்றினால், ஒப்பந்த அடிப்படையில் உரிமை அறிவிப்பு வழக்கோடு இடைக்காலத் தடையுத்தரவும் கோர வேண்டும். அதற்கு அந்தச் சான்றிட்ட நகல்கள் கையில் இருந்தாக வேண்டும்.