வைட்டமின் ஈ ஊற்றியும் எண்ணெய் ஏன் சிக்கு வாடை அடிக்கிறது?

கேள்வி: தோப்புத் தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலைச் சாறு ஊற்றிக் காய்ச்சுகிறேன். லிட்டருக்குப் பத்து வைட்டமின் ஈ மாத்திரை (மெடிக்கலில் வாங்கியது, 400 மில்லிகிராம்) உடைத்து விட்டும் இரண்டு மாதத்தில் சிக்கு வாடை வந்துவிடுகிறது. அதே மாத்திரை போட்ட கற்றாழை கிரீமில் பத்தே நாளில் கரும்புள்ளி. மாத்திரையைக் கூட்டிப் போடலாமா?
— ஒரு வாசகி, உச்சிப்புளி

பதில்: கூட்ட வேண்டாம், காசுதான் வீண். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ‘டோகோபெரில் அசிடேட்’ என்று இருக்கும். அது உடம்புக்குள் போய் அசிடேட் பிரிந்த பிறகுதான் வேலை செய்யும். பாட்டிலில் இருக்கும் எண்ணெயைக் காற்றிடமிருந்து அது காப்பாற்றாது. அதற்கு வேண்டியது வெறும் ‘டோகோபெரால்’. சோப்பு, கிரீம் மூலப்பொருள் விற்பவர்களிடம் ‘மிக்ஸ்டு டோகோபெரால்’ என்று கேளுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 920 கிராம் இருக்கும். அதற்கு 1 கிராம் போதும். எண்ணெய் வெதுவெதுப்பாக ஆறியதும் கலக்குங்கள். ஏற்கெனவே சிக்குப் பிடித்த எண்ணெயை இது மீட்டுத் தராது.

ஆனால் உங்கள் எண்ணெய் கெட்டதற்குக் காற்றைவிடத் தண்ணீர் காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தேங்காய் எண்ணெய் காற்றுபட்டு அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஈரம் தங்கினால்தான் கொழுப்பு உடைந்து சோப்பு மாதிரி ஒரு வாடை வரும். முகர்ந்து பாருங்கள்: சோப்பு வாடை என்றால் ஈரம், பழைய பெயின்ட் வாடை என்றால் காற்றும் வெயிலும். சோப்பு வாடைக்கு அசல் டோகோபெராலாலும் பயனில்லை.

சாறு ஊற்றிக் காய்ச்சும்போது சலசலப்பு அடங்கியதும் இறக்கிவிடுவதுதான் வழக்கமான தவறு. அடியில் கிடக்கும் வண்டலில் இன்னும் ஈரம் இருக்கும். கொஞ்சம் வண்டலை எடுத்து விரலில் உருட்டுங்கள். ஒட்டாமல் மணல் போல உதிர வேண்டும். ஒரு பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்துங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது, இன்னும் சிறுதீயில் வையுங்கள். இறக்கியபின் தட்டுப் போட்டு மூடாதீர்கள். ஆவி தட்டில் பட்டு மறுபடி எண்ணெயிலேயே சொட்டும். மெல்லிய துணி கட்டி ஒரு இரவு வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் வடித்துக்கொள்ளுங்கள். அடி வண்டலோடு கடைசிச் சொட்டுவரை வழித்தெடுக்கும் சிக்கனம் இங்கே உதவாது.

சாற்றுக்குப் பதில் காய்ந்த இலை போடுவது இன்னும் நல்லது. நம் கடலோரத்தில் பகலில் காய்ந்த இலை, சாயங்காலக் காற்றில் மறுபடி நமத்துவிடும். அதனால் வெயில் தாழுமுன் எடுத்து, கையில் நொறுங்குகிறதா என்று பார்த்து, உடனே காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள். காய்ச்ச எவர்சில்வர் பாத்திரமே சரி. இரும்புச் சட்டியும் செம்பும் எண்ணெய் கெடுவதை வேகப்படுத்தும். இலையின் பச்சை இறங்கிய எண்ணெய் வெளிச்சத்தில் சீக்கிரம் கெடும், ஆகவே பழுப்பு பாட்டிலில் ஊற்றி அலமாரிக்குள் வையுங்கள். கழுவிய பாட்டிலின் உட்புறம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும்.

கிரீமில் வந்த கரும்புள்ளி பூஞ்சணம். புள்ளியை மட்டும் வழித்துவிட்டு மிச்சத்தைப் பூசாதீர்கள். கண்ணுக்குத் தெரியாதது உள்ளே பரவியிருக்கும், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். தண்ணீர் சேர்ந்த எதிலும் கிருமி வளரும். வைட்டமின் ஈ கிருமியைக் கொல்லாது. அந்த வேலைக்குப் பதப்படுத்தி (பிரிசர்வேட்டிவ்) தனியாக வேண்டும். பினாக்ஸிஎத்தனாலும் எத்தில்ஹெக்சில்கிளிசரினும் கலந்து விற்பது வீட்டளவுக்குக் கையாள எளிது. 100 கிராம் கிரீமுக்கு 1 கிராம், அதற்கு மேல் வேண்டாம். கிரீம் 40 டிகிரிக்குக் கீழே ஆறியதும் சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். கரண்டிக் கணக்கு ஆகாது, 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதைப் போட்டாலும் தோட்டத்துக் கற்றாழைச் சோற்றைக் காப்பாற்றுவது கடினம். அதில் கிருமியும் அதற்குத் தீனியும் சேர்ந்தே வருகின்றன. டிஸ்டில்டு வாட்டரில் கிரீம் செய்யுங்கள். கற்றாழை கட்டாயம் வேண்டுமென்றால் அவ்வப்போது கொஞ்சமாகச் செய்து, ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். பதப்படுத்தியே வேண்டாம் என்பவர்களுக்குத் தண்ணீரில்லாத தைலக்களிம்புதான் வழி: காய்ச்சிய எண்ணெய் 80 கிராமும் தேன்மெழுகு 20 கிராமும் உருக்கி ஆறவிடுங்கள். ஈர விரலை மட்டும் அதில் விடக்கூடாது.

அக்கம்பக்கத்தில் விற்கும் எண்ணம் இருந்தால், அழகுசாதனப் பொருள் தயாரித்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் தேவை. வீட்டுத் தயாரிப்பு என்பதால் விலக்கு கிடைக்காது.