நீராவி, தண்ணீர், பாமாயில்: எந்தக் குழாய்க்கு எந்த மீட்டர்?

கேள்வி: ரங்கூன் லைங்தாயா தொழிற்பேட்டையில் ஒரு நூடுல்ஸ் ஆலையில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். 6 அங்குல நீராவிக் குழாயில் பழைய ஓரிபிஸ் தட்டு இருக்கிறது. பகலில் மணிக்கு 6 டன் என்று சரியாகக் காட்டுகிறது. இரவில் ஒரு வரிசை மட்டும் ஓடும்போது 0.8 டன்தான் போக வேண்டும். சில நாள் 1.2 டன் காட்டுகிறது, சில நாள் பூஜ்யம். நீராவி, ஆழ்குழாய்க் கிணற்று நீர், பாமாயில் மூன்றுக்கும் வோர்டெக்ஸ் மீட்டரே போதும் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: நீராவிக்கு வாங்கலாம், ஆனால் 6 அங்குலத்தில் வேண்டாம். தண்ணீருக்குத் தேவையில்லை. பாமாயிலுக்கு வாங்கவே கூடாது.

முதலில் இரவுக் கோளாறு. நடுவில் துளையுள்ள ஓரிபிஸ் தட்டு அளப்பது ஓட்டத்தை அல்ல, தட்டின் இரு பக்க அழுத்த வேறுபாட்டை. அந்த வேறுபாடு ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 6 டன்னுக்கு 25 கிலோபாஸ்கல் என்று உங்கள் தட்டு அமைக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 0.8 டன்னுக்குக் கிடைப்பது வெறும் 0.44 கிலோபாஸ்கல். தட்டிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு வரும் இரண்டு சிறு குழாய்களிலும் குளிர்ந்த நீர் நிற்கும். ஒன்றில் நீர்மட்டம் 5 செ.மீ. ஏறினாலே 0.49 கிலோபாஸ்கல் பிழை. அளக்க வேண்டியதைவிடப் பிழை பெரிது. பிழை ஒரு பக்கம் சாய்ந்தால் 1.2 டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும், மறுபக்கம் சாய்ந்தால் பூஜ்யம். நீங்கள் சொல்லும் இரண்டு எண்களுமே இதில் வந்துவிடுகின்றன. தட்டு கெட்டுவிட்டது என்று கழற்றுவதற்கு முன், அந்தச் சிறு குழாய்களின் மேல்முனையில் உள்ள இரண்டு நீர்ச்சேகரிப்புக் குடுவைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதைச் சரிசெய்தாலும், அதிகபட்ச ஓட்டத்தின் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்குக்குக் கீழே ஓரிபிஸை நம்ப முடியாது. உங்கள் இரவு ஓட்டமோ ஏழில் ஒரு பங்குதான்.

வோர்டெக்ஸ் மீட்டர், ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் ஒரு தண்டின் பின்னால் உருவாகும் சுழல்களை எண்ணுகிறது. எண்ணிக்கை வேகத்துக்கு நேர் விகிதத்தில் இருப்பதால் அதன் வீச்சு அகலம். ஆனால் வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் சுழல் வலுவிழந்து, மீட்டர் பூஜ்யம் காட்டிவிடும். 7 பார் பாய்லர் நீராவிக்கு அந்த எல்லை ஏறக்குறைய வினாடிக்கு 3.5 மீட்டர். உங்கள் 6 அங்குலக் குழாயில் 0.8 டன் போகும் வேகம் 3 மீட்டர். அதாவது குழாயின் அளவிலேயே வாங்கினால் இரவு நீராவி கணக்கிலேயே வராது. 4 அங்குல மீட்டர் வைத்தால் இரவில் 6.8 மீட்டர், பகலில் 51 மீட்டர், இரண்டுமே அளக்கக்கூடியவை. குழாயை ரெட்யூசர் வைத்துச் சுருக்கி, மீட்டருக்கு முன் ஒன்றரை மீட்டருக்குக் குறையாமலும் பின் அரை மீட்டரும் நேர்க்குழாய் விடுங்கள். பக்கத்தில் எல்போ அல்லது வால்வு இருந்தால் இன்னும் நீளம் வேண்டும். தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்கள்.

வெப்பநிலை ஈடுசெய்யும் வசதி உள்ளதையே கேளுங்கள். பாய்லர் அழுத்தம் 7 பாரிலிருந்து 5 பாருக்கு இறங்கினால் நீராவியின் வெப்பநிலையும் இறங்கி, அடர்த்தி ஏறக்குறைய கால் பங்கு குறையும். மீட்டர் அதை அறியாவிட்டால் டன் கணக்கு அதே அளவில் பொய்யாகும். பொருத்தியபின் வால்வை மூடிப் பாருங்கள். அப்போதும் ஓட்டம் காட்டி, அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நின்றால் எர்த் சரியில்லை. பம்பை நிறுத்தியதும் எண் மறைந்தால் குழாய் அதிர்கிறது, தாங்கி போடுங்கள். மின்வெட்டில் ஜெனரேட்டர் ஓடும்போதும் ஒருமுறை சோதியுங்கள்.

கிணற்று நீருக்கு மேக்னெட்டிக் மீட்டர்தான். குழாயை அடைக்காது, அழுத்த இழப்பும் இல்லை. நீர் மின்சாரம் கடத்த வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. கிணற்று நீர் தாராளமாகக் கடத்தும். ஆனால் குழாய் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். தொட்டிக்குள் இறங்கும் குழாயில் வைக்காமல், நீர் மேலேறும் செங்குத்துக் குழாயில் வையுங்கள். பிளாஸ்டிக் குழாயானால் எர்த் வளையங்களையும் சேர்த்து வாங்குங்கள். இல்லையென்றால் எண் தாவிக்கொண்டே இருக்கும். நீராவி குளிர்ந்து பாய்லருக்குத் திரும்பும் கன்டென்சேட் நீருக்கும் இதே மீட்டரை வைக்க நினைத்தால், கையடக்கக் கருவியால் கடத்துதிறனை முதலில் அளந்துவிடுங்கள். சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான மீட்டர்கள் வேலை செய்யாது.

பாமாயில் மின்சாரம் கடத்தாது, ஆகவே மேக்னெட்டிக் இல்லை. 50 டிகிரி சூட்டிலும் அது கெட்டியானது: 2 அங்குலக் குழாயில் வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் அனுப்பினாலும் ஓட்டம் சுழல் உருவாக்கப் போதுமானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் மூவாயிரத்தைத் தொடாது. வோர்டெக்ஸுக்குக் குறைந்தது பத்தாயிரம், நம்பத்தகுந்த துல்லியத்துக்கு இருபதாயிரம் வேண்டும். ஓரிபிஸின் கணக்கும் இவ்வளவு குறைந்த எண்ணில் பிசகிவிடும். எண்ணெய்க்கு, உள்ளே இரண்டு பற்சக்கரங்கள் சுழன்று அளக்கும் ஓவல் கியர் மீட்டர் வாங்குங்கள். எண்ணெய் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நன்றாக அது வேலை செய்யும். அதற்கு முன்னால் ஒரு வடிகட்டி கட்டாயம், ஏனெனில் ஒரு வெல்டிங் துணுக்கு போதும் பற்களைப் பிடித்து நிறுத்த.